கடல் பக்கச் சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்காதீர்கள்

கேள்வி: கடலூரில் சின்னதாக ஒரு கிளினிக் நடத்துகிறோம். இருமல், டிபி சந்தேகம் என்று வருகிறவர்களைப் பார்க்கும் அறையை நெகட்டிவ் பிரஷர் ஆக்கச் சொல்கிறார்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று மாட்டினால் போதாதா? கதவை எப்போதும் மூடியே வைக்க வேண்டுமாமே, ஏன்?

பதில்:

போதாது. உங்கள் கிளினிக் கடலூர் என்பதால் இன்னும் அழுத்திச் சொல்கிறேன். அந்த ஃபேனைக் கிழக்குச் சுவரில் மாட்டியிருந்தால் நாளைக்கே கழற்றுங்கள். நான் டாக்டர் இல்லை, நோயைப் பற்றி எதுவும் சொல்லப்போவதில்லை. கடலூர், புதுச்சேரி பக்கம் ஏசி, டக்ட் வேலை செய்கிறவன். காற்று எந்தப் பக்கம் போகிறது என்பதை மட்டும் சொல்கிறேன், அதனால் மருத்துவம் படித்தவர்கள் கோபப்பட வேண்டாம்.

டிபி கிருமி இருமும்போது மிக நுண்ணிய துளிகளில் வெளியே வந்து மணிக்கணக்காகக் காற்றில் மிதக்கும். அந்தக் காற்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கர்ப்பிணிக்கோ குழந்தைக்கோ போகக் கூடாது. அறைக்குள் வரும் காற்றைவிட அறையிலிருந்து இழுத்து வெளியே தள்ளும் காற்று அதிகமாக இருந்தால், குறைகிற காற்று கதவு இடுக்கு வழியாக ஹாலிலிருந்து உள்ளே வரும். அதுதான் நெகட்டிவ். வேண்டிய வித்தியாசம் குறைந்தது 2.5 பாஸ்கல், அதாவது கால் மில்லிமீட்டர் தண்ணீர் உயரம். அவ்வளவு கொஞ்சம் என்பதால்தான் சுலபமாகக் கெட்டுப்போகிறது.

கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் இதைக் கண்ணால் பார்த்தேன். அறை 10க்கு 12 அடி, உயரம் 10 அடி. 1200 கன அடி காற்று. மணிக்கு 12 தடவை காற்று மாற வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 240 கன அடி இழுக்க வேண்டும். அவர்கள் மாட்டியிருந்த ஃபேனின் அட்டைப்பெட்டியில் அதைவிட அதிகமாகவே போட்டிருந்தது. காலையில் ஃபேன் ஓட, கதவடியில் ஊதுவத்தி காட்டினால் புகை உள்ளே போனது, எல்லோரும் திருப்தி. மதியத்துக்கு மேல் நர்ஸம்மா ஃபோன் செய்து, "அண்ணா, ரூம்ல போட்ட பினாயில் வாசனை ஹால்ல அடிக்குது" என்றார்கள். போய் அதே இடத்தில் ஊதுவத்தியைக் காட்டினேன். புகை கதவடியிலிருந்து வெளியே, நேராக பெஞ்சு பக்கம் போனது. ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

காரணம் கடல்காற்று. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகம் நம் ஊரில் சாதாரணம், அதுவே கிழக்குச் சுவரில் சுமார் 10 பாஸ்கல் அழுத்தும். நமக்கு வேண்டிய 2.5க்கு முன்னால் அது எவ்வளவு பெரிசு என்று பாருங்கள். ஃபேனின் வாயை அது எதிர்த்து அடைக்கிறது, அதே சுவரில் இருக்கும் ஜன்னல் இடுக்குகள் வழியாக அறைக்குள்ளும் காற்றைத் திணிக்கிறது. ஹாலின் மேற்குப் பக்கக் கதவு திறந்திருந்ததால் திணித்த காற்று அந்தப் பக்கம் ஓடிவிட்டது. போதாக்குறைக்கு ஃபேனின் ஷட்டர் தகடுகள் உப்புக்காற்றில் துருப்பிடித்துப் பாதிதான் திறந்தன. பெட்டியில் போட்டிருக்கும் அளவு எதிர்ப்பே இல்லாமல் சுற்றும்போது கிடைப்பது. சுவரில் மாட்டும் இறக்கை ஃபேனுக்கு எதிர்த்துத் தள்ளும் சக்தி மிகக் குறைவு.

என்ன செய்தோம் என்றால், கிழக்கு ஜன்னலைச் சிலிக்கான் வைத்து நிரந்தரமாக மூடினோம். சுவர் ஃபேனை எடுத்துவிட்டு, அறையிலிருந்து மொட்டைமாடிக்கு டக்ட் ஏற்றி, டக்டின் எதிர்ப்பைத் தாங்கும் ப்ளோயர் ஃபேனை மேலே, முடிவில் வைத்தோம். கீழே வைத்தால் டக்டில் சின்ன ஓட்டை இருந்தாலும் அந்தக் காற்று கட்டடத்துக்குள்ளேயே கசியும், மேலே வைத்தால் ஓட்டை உள்ளேதான் இழுக்கும். வாய் நேராக மேல் நோக்கி இருக்க வேண்டும், யாருடைய ஜன்னலுக்கும் ஏசி வாய்க்கும் பக்கத்தில் இருக்கக் கூடாது. மழைக்குப் பயந்து மேலே குடை மாதிரி மூடி போடுவார்கள், அது காற்றைத் திருப்பி மாடிக்கே அடிக்கும். அதற்குப் பதில் ஓரத்தில் தண்ணீர் வடிகிற மாதிரி வெளியே ஒரு பெரிய குழாய் போட்டுக்கொள்ளலாம்.

இப்போது கதவு. 3 அடிக் கதவுக்கு அடியில் அரை அங்குல இடைவெளி, சுற்றிலும் நிலையோரம் மெல்லிய இடுக்கு இருந்தால், 2.5 பாஸ்கலில் அதன் வழியாக நிமிடத்துக்கு 60, 70 கன அடிதான் வரும். நாம் இழுப்பதோ 240. மீதி எங்கிருந்து வரும்? வழி விடாவிட்டால் ஃபேன் மூச்சுத் திணறி 240ஐ இழுக்கவே இழுக்காது. அதனால் ஒன்று, வடிகட்டிய வெளிக்காற்று சுமார் 170 கன அடியை இன்னொரு சின்ன ஃபேனால் உள்ளே விட வேண்டும், அல்லது கதவின் கீழ்ப் பாகத்தில் காற்று போகும் பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர அடியில் மூன்றில் இரண்டு பங்கு வருகிற மாதிரி ஜாலி வைக்க வேண்டும். அங்கே செலவைப் பார்த்து ஜாலிதான் வைத்தோம். பெரிய இன்ஜினியர்கள் இதைத் தப்பென்று சொல்லலாம். காற்று உள்ளே போகிற திசை மாறாமல் இருக்கிறவரை சின்ன கிளினிக்குக்கு இது சரி என்பது என் கருத்து.

கதவைத் திறந்து போட்டால் என்ன ஆகும் என்று கேட்டால், அதே 240 கன அடி இப்போது முழு வாசலிலும் பரவி நொடிக்கு 6 சென்டிமீட்டர் வேகத்தில் ஊரும். ஒருவர் நடந்து போனாலே அதைவிட அதிகக் காற்று வெளியே வரும். அழுத்த வித்தியாசம் கிட்டத்தட்ட பூஜ்யம். அதனால் டோர் க்ளோசர் கட்டாயம், கதவுக்குக் கல் முட்டுக் கொடுப்பது கூடவே கூடாது. நோயாளி போன பிறகும் மூடியே இருக்கட்டும். 12 தடவை காற்று மாறும் அறையில் நூறில் 99 பங்கு சுத்தமாக 23 நிமிடம், 6 தடவை என்றால் 46 நிமிடம்.

ஸ்ப்ளிட் ஏசி இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். அது உள்ளே இருக்கும் காற்றையே சுற்ற வைக்கிறது, வெளியே எதையும் தள்ளாது. டாக்டர் நாற்காலியை வாசல் பக்கம், நோயாளியை இழுக்கும் வாய்ப் பக்கம் உட்கார வையுங்கள். காற்று டாக்டரைத் தாண்டித்தான் நோயாளிக்குப் போக வேண்டும்.

அந்த கிளினிக்கில் இதே மாதிரி ஃபேனைத் தையல் போடும் அறையிலும் மாட்டச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். அங்கே நேர் எதிர். திறந்த காயத்தின் மேல் ஹால் தூசி விழக் கூடாது, அதனால் வடிகட்டிய காற்றை உள்ளே அதிகம் விட்டு, இடுக்கு வழியாக வெளியே கசிய விட வேண்டும். அதுதான் பாசிட்டிவ். எக்ஸாஸ்ட் போட்டால் ஹாலில் கிடப்பதெல்லாம் உள்ளே வரும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையை முடித்த பிறகு பாக்கிப் பணத்துக்குப் போனால் நோயாளிகளோடு டோக்கன் போட்டு உட்கார வைத்தார்கள். மெக்கானிக் வீட்டிலும் மாதம் பிறந்தால் வாடகை, ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் உண்டு. இரும்புத் தகடும் ப்ளோயரும் நாங்கள் கைக்காசு போட்டுத்தான் வாங்குகிறோம். பணத்தை இழுத்தடிப்பவர்கள்தான் அடுத்த வருஷம் மோட்டார் சத்தம் என்று முதலில் கூப்பிடுகிறார்கள்.

சரி, உங்கள் விஷயம். கதவை மூடி, பாத்ரூம் ஃபேன், மருந்துக்கடை ஃபேன் எல்லாவற்றையும் ஓடவிட்டு, மதியம் 3 மணிக்கு மேல் கடல்காற்று நன்றாக வீசும்போது கதவடியில் ஊதுவத்தியைக் காட்டுங்கள். ஹாலில் இருக்கும் எக்ஸாஸ்ட் வலுவாக இருந்தால் அதுவும் அறைக் காற்றை இழுத்துவிடும், அதையும் சேர்த்துச் சோதித்த மாதிரி ஆகும். புகை தயங்கி நின்றாலே தேறவில்லை என்று அர்த்தம். அறை உபயோகத்தில் இருக்கிற ஒவ்வொரு நாளும் ஒரு தடவை பார்த்து நோட்டில் நேரத்தோடு எழுதச் சொல்லுங்கள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஃபேன் இறக்கையில் ஒட்டிய உப்பையும் தூசியையும் துடைக்கச் சொல்லுங்கள்.