விற்பனை அதேதான், வரி மட்டும் ஏன் ஏறி இறங்குகிறது?

"ஆடிட்டர் சார், எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். மாதம் ஆறு லட்சம், ஆறரை லட்சம் வியாபாரம் நடக்கும். பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் ஜிஎஸ்டி ஒரு ரூபாய்கூடக் கட்டச் சொல்லவில்லை. ஏப்ரலுக்கு 72,000 என்கிறார்கள். கணக்கு எழுதுகிற பையன் தப்பு பண்ணிவிட்டானா?"

நீங்கள் அனுப்பிய மூன்று மாதக் கணக்கையும் பார்த்தேன். பையன் மேல் தப்பில்லை. நீங்கள் விற்பனையை மட்டும் பார்க்கிறீர்கள். வரியோ விற்பனைக்கும் கொள்முதலுக்கும் நடுவில் பிறக்கிறது. வாடிக்கையாளரிடம் நீங்கள் வாங்கிய ஜிஎஸ்டியிலிருந்து, சரக்கு எடுத்தபோது மொத்த வியாபாரிக்கு நீங்கள் கொடுத்த ஜிஎஸ்டியைக் கழித்தால் மிஞ்சுவதுதான் கட்ட வேண்டியது.

பிப்ரவரியில் என்ன செய்தீர்கள்? கோடைக்கு வேண்டிய ஃபேன் சரக்கை மொத்தமாக இறக்கினீர்கள். வரி நீங்கலாக 9 லட்சத்துக்குக் கொள்முதல். 18 சதவீதம் என்றால் 1,62,000 ரூபாய் வரியை அப்போதே பில்லோடு சேர்த்துக் கொடுத்துவிட்டீர்கள். அந்த மாத விற்பனை 6 லட்சம். வசூலித்த வரி 1,08,000. கழித்தது போக 54,000 ரூபாய் உங்கள் கிரெடிட் லெட்ஜரில் மிச்சம் நின்றது.

மார்ச்சிலும் விற்பனை 6 லட்சம், வரி 1,08,000. குடோனில் ஃபேன் இருந்ததால் 3 லட்சத்துக்குத்தான் சரக்கு எடுத்தீர்கள். அதில் கிடைத்த கிரெடிட் 54,000. பழைய மிச்சம் 54,000. இரண்டும் சேர்ந்து வரியைச் சரிக்கட்டிவிட்டன. ஆக, அந்த இரண்டு மாதமும் வரி இல்லாத மாதங்கள் அல்ல. முன்கூட்டியே கொடுத்த பணம் கழிந்த மாதங்கள்.

ஏப்ரலில் லெட்ஜர் காலி. விற்பனை ஆறரை லட்சம், வரி 1,17,000. கொள்முதல் மூன்றரை லட்சம்; பில்படி பார்த்தால் 63,000 கழிய வேண்டும், 54,000 கட்டினால் போதும். பிறகு 72,000 எப்படி வந்தது? நடுவில் ஒரு 18,000 காணாமல் போயிருக்கிறது. ஒயர் வாங்கிய ஒரு லட்ச ரூபாய் பில்தான் அது.

பில் கையில் இருந்தால் மட்டும் கிரெடிட் கிடைக்காது. விற்றவர் அந்த பில்லைத் தன் `GSTR-1` கணக்கில் காட்டியிருக்க வேண்டும். ஏப்ரல் பில்களை அவர் மே 11-க்குள் ஏற்ற வேண்டும். அதன்பிறகு 14-ஆம் தேதி உங்கள் பெயரில் `GSTR-2B` என்ற கிரெடிட் பட்டியல் தயாராகும். இவர் 16-ஆம் தேதிதான் தாக்கல் செய்திருக்கிறார். அதனால் அந்த பில் மே மாதத்து `GSTR-2B`-க்குத் தள்ளிப்போய்விட்டது. பணம் போகவில்லை, மே மாதக் கணக்கில் அந்த 18,000 கழியும். ஆனால் இப்போது கையிலிருந்து போட்டாக வேண்டும். சில சின்ன மொத்த வியாபாரிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் `GSTR-1` போடுவார்கள். அவர்கள் இடையில் பில்களை ஏற்றாவிட்டால் கிரெடிட் வரக் காலாண்டு முடிய வேண்டும். விலையில் நூறு இருநூறு குறைத்துக் கொடுப்பவரிடம் வாங்குமுன் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

'பில்தான் இருக்கிறதே, 63,000-ஐயே போட்டுவிடலாம்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். `GSTR-2B`-யில் உள்ளதைவிடக் கணிசமாக அதிகம் எடுத்தால் போர்ட்டலிலிருந்து `DRC-01C` அறிவிப்பு வரும், ஏழு நாளில் பதில் சொல்ல வேண்டும்.

மூன்று மாதத்தையும் சேர்த்துப் பாருங்கள். விற்றது பதினெட்டரை லட்சம், வாங்கியது பதினைந்தரை லட்சம். வித்தியாசம் 3 லட்சம், அதில் 18 சதவீதம் 54,000. தாமதமான 18,000 திரும்பியதும் நீங்கள் கட்டியதாக நிற்பதும் அதேதான். மாதத்துக்குப் பிரித்தால் 18,000. வரி கட்ட வேண்டாத மாதத்திலும் அந்த 18,000-ஐத் தனிக் கணக்கில் போட்டு வைத்திருந்தால் ஏப்ரல் இவ்வளவு கடித்திருக்காது. நான் பார்த்தவரை, வரி இல்லாத மாதத்தில்தான் கடைக்காரர்கள் கல்லாவைத் தாராளமாகத் திறக்கிறார்கள்.

இனி ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி தாண்டியதும் போர்ட்டலில் `GSTR-2B`-யை இறக்கிக் கொள்முதல் பதிவேட்டோடு பையனை ஒப்பிடச் சொல்லுங்கள். விடுபட்ட பில் தெரிந்தால் அன்றே அந்த வியாபாரிக்குப் போன் போடுங்கள். அடுத்த மாதமாவது தவறாமல் வந்து சேரும்.

72,000-ஐ மே 20-க்குள் கட்டிவிடுங்கள். பத்து நாள் தள்ளினால் ஆண்டுக்கு 18 சதவீதக் கணக்கில் சுமார் 355 ரூபாய் வட்டி ஏறும், தாமதக் கட்டணம் அதற்கு மேல் தனி.