இண்டக்‌ஷனில் 300 வாட்டிலும் பொங்குவது ஏன்?

"2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு. 300-இல் வைத்தாலும் பால் சட்டென்று பொங்குகிறது, உடனே அடங்குகிறது, மறுபடி பொங்குகிறது. பழுதா?"

பழுதில்லை. பல வீட்டு இண்டக்‌ஷன் அடுப்புகளால் அவ்வளவு குறைந்த வாட்டில் விடாமல் ஓட முடியாது. உதாரணமாக, 1000 வாட்டில் 3 விநாடி ஓடி, 7 விநாடி நின்றால் சராசரி 300 ஆகிவிடும். திரையில் தெரிவது அந்தச் சராசரிதான். பாலுக்கோ அந்த 3 விநாடியும் முழுச் சூடு.

உறுதி செய்ய, அதே பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீரைக் கொதிக்க வைத்து 300-க்கு இறக்குங்கள். குமிழி கொஞ்ச நேரம் எழுந்து, அடங்கி, திரும்ப எழும். அடுப்பின் 'ம்ம்' சத்தமும் கூடவே வந்து போகும்.

அடுப்பை மாற்றுவதைவிடப் பாத்திரத்தை மாற்றிப் பாருங்கள். மெல்லிய எவர்சில்வர் ஏறும் சூட்டை அப்படியே பாலுக்குத் தள்ளிவிடும். அடி கனமானது அதை வாங்கி வைத்து மெதுவாக விடும். அடியில் காந்தம் நன்றாக ஒட்ட வேண்டும்; வெறும் அலுமினியம், செம்பு வேலைக்கு ஆகாது. ரொம்பச் சிறிய அடி என்றால் அடுப்பு பாத்திரத்தையே கண்டுகொள்ளாது.

'பால்' பொத்தானை நம்ப வேண்டாம். பெரும்பாலும் அது முன்பே குறித்த வாட்டும் நேரமும்தான்; உங்கள் பாலின் அளவு அதற்குத் தெரியாது.

ஒன்று மட்டும்: பொங்கி வழிந்த பால் கண்ணாடியில் காய்ந்திருந்தால், ஆறியபின் ஈரத்துணியால் துடையுங்கள். நடுவில் படிந்த கறை கீழே உள்ள வெப்ப உணரியைக் குழப்பும். குமிழி அடங்காமல் 300-இலும் தொடர்ந்து பலமாகக் கொதித்தால், அது வேறு கோளாறாக இருக்கலாம். பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள்.