பாமினியில் கிடக்கும் கல்வெட்டுகள்

அன்புள்ள அண்ணா,

உவர்மலையில் பல வருடம் ரைப்செற்றிங் செய்தேன். கோயில் மலர்கள், பாடசாலைச் சஞ்சிகைகள், இறந்தவர்களின் முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் கல்வெட்டுகள், கல்யாண அழைப்பிதழ்கள். எல்லாம் பாமினி எழுத்துருவில், பாதி வேர்டிலும் பாதி பேஜ்மேக்கரிலும். இப்போது கடையை மூடிவிட்டேன். மகள் வாங்கித் தந்த சின்ன லாப்டொப்பில் 256 ஜிபிதான் இருக்கிறது. பழையதில் 700 ஜிபிக்கு மேல் கிடக்கிறது. பேஜ்மேக்கர் அதில் இன்னும் திறக்கிறது. எதை வைப்பது, எதை அழிப்பது? ஒவ்வொரு பைலாகத் திறந்து பார்க்க இந்த ஜென்மம் போதாது.

க., திருகோணமலை

அன்புள்ள க.,

திறந்து பார்க்கவே வேண்டாம். முதலில் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது எது என்று பாருங்கள். WizTree என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. ஓடவிட்டால் எந்த ஃபோல்டர் எவ்வளவு பெரியது என்று வரிசையாகக் காட்டும். மேலே வருபவை அனேகமாகப் படங்கள், பழைய மென்பொருள் செற்றப்புகள், போனிலிருந்து இறக்கிய வீடியோக்கள், முந்திய கணினியை அப்படியே கொப்பி செய்த ஒரு ஃபோல்டர், அதற்குள் அதற்கும் முந்திய கணினி. அழிக்கும் வேலை முழுவதும் அங்கேதான். திரும்ப இறக்கக்கூடியது எதுவானாலும் போகட்டும்.

உங்கள் தொழில் பைல்கள் பட்டியலின் அடியில் கிடக்கும். படமில்லாத வேர்ட் பைல் ஒன்று 200 கேபி என்றே வைத்துக்கொள்ளுங்கள். 5,000 பைல் சேர்ந்தாலும் 1 ஜிபிதான். புதிய லாப்டொப் 256 என்று சொன்னாலும் விண்டோஸ் அதை 238 என்றுதான் காட்டும், ஏனென்றால் விற்பவர் ஆயிரங்களாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024-களாக எண்ணுகிறது. விண்டோஸுக்கும் மென்பொருட்களுக்கும் இடம் விட்டு, கொஞ்சம் காலியாகவும் வைத்தால், உங்களுக்கு 150 ஜிபி அளவில் மிஞ்சும். அதில் நீங்கள் எழுத்துக் கோத்த அத்தனையும் தாராளமாக அடங்கும். அதனால் எழுத்துப் பைல்களில் எதை அழிப்பது என்று யோசித்து மண்டையை உடைக்காதீர்கள். எல்லாவற்றையும் வையுங்கள்.

ஆனால் கொப்பி செய்துவிட்டால் வைத்தாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். எனக்குக் கவலை இங்கேதான். பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் பைலைத் திறந்தால் ‘அம்மா’ என்ற சொல் mk;kh என்று நிற்கும். கணினியைப் பொறுத்தவரை அதுதான் உள்ளே இருக்கிறது. தமிழாகக் காட்டியது எழுத்துரு மட்டுமே. எனவே C:\Windows\Fonts ஃபோல்டரிலுள்ள தமிழ் எழுத்துருக்கள் எல்லாவற்றையும், நீங்கள் பாவித்ததாக நினைவில்லாதவற்றையும் சேர்த்து, பைல்களோடு கொப்பி செய்யுங்கள். அப்புறம் %LOCALAPPDATA%\Microsoft\Windows\Fonts என்ற இடத்தையும் பாருங்கள். விண்டோஸ் 10-இல் பிற்காலத்தில் நிறுவிய எழுத்துருக்கள் அங்கே ஒளிந்திருக்கும்.

பேஜ்மேக்கர் இன்னும் சிக்கலானது. அதன் கடைசிப் பதிப்பான 7 வந்தது 2001-இல். அதே வேலையைச் செய்யும் இன்டிசைன் மென்பொருளில் CS6 வரையுள்ள பதிப்புகள் அந்தப் பைல்களைத் திறந்தன, அதற்குப் பிந்தியவை திறப்பதில்லை. எனவே பழைய லாப்டொப் உயிரோடு இருக்கும்போதே முக்கியமான மலர்களைத் திறந்து, Microsoft Print to PDF கொடுத்து பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். ஆக்கியதை அக்ரோபாட் ரீடரில் திறந்து Ctrl+D அழுத்தி, Fonts என்று போய்ப் பாருங்கள். பாமினி பெயருக்குப் பக்கத்தில் Embedded Subset என்று இருந்தால் எழுத்துரு பைலுக்குள்ளேயே போய்விட்டது, எந்தக் கணினியிலும் தமிழாகத் தெரியும். பாமினியே இல்லாத புதிய லாப்டொப்பிலும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

ஒரே பைலின் நகல்களைக் கண்டுபிடித்து அழிக்கும் மென்பொருட்கள் உண்டு. அவற்றை உங்கள் போட்டோக்களுக்குப் பயன்படுத்துங்கள், சரி. வேலை ஃபோல்டர்களில் மட்டும் ஓடவிடாதீர்கள். பேஜ்மேக்கர் பெரிய படங்களைத் தன் பைலுக்குள் வைப்பதில்லை. அவை எங்கே இருக்கின்றன என்ற குறிப்பைத்தான் வைத்திருக்கும். ஒரே கோபுரப் படம் மூன்று கும்பாபிஷேக மலர்களின் ஃபோல்டர்களில் இருக்கிறது என்று வையுங்கள். மென்பொருள் அவற்றை நகல் என்று சொல்லும், இரண்டை அழிக்கும். அந்த இரண்டு மலர்களையும் அடுத்த தடவை திறக்கும்போது படம் எங்கே என்று பேஜ்மேக்கர் கேட்கும். ஒரு மலர் என்றால் ஒரு ஃபோல்டர், அதை உடைக்காமல் முழுதாகக் கொண்டுபோங்கள்.

இனி யூனிகோட், பாமினி இல்லாத கணினியிலும் தமிழாகவே தெரியும் எழுத்து முறை. எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அழைப்பிதழ்களை மாற்றி என்ன செய்யப்போகிறீர்கள்? கல்வெட்டுகளையும் ஊர் வரலாற்றுக் கட்டுரைகளையும் மட்டும் மாற்றுங்கள். ஒரு குடும்பத்தின் மூன்று நான்கு தலைமுறைப் பெயர்கள், யார் எந்த ஊரில் மணம் செய்தார், யார் எங்கே ஆசிரியராக இருந்தார் என்பதெல்லாம் பல வீடுகளில் முப்பத்தோராம் நாள் கல்வெட்டில் மட்டும்தான் எழுதப்பட்டிருக்கிறது. 2004 டிசம்பரில் கடல் வந்தபோது நம் கரையோர வீடுகளில் ஆல்பங்களும் காகிதங்களும் போயின. நீங்கள் ஸ்கேன் செய்து வைத்த ஒரு பெரியவரின் படத்துக்கு இன்று வேறு பிரதி இல்லாமல் இருக்கலாம். இதைக் குடும்பங்களுக்கு நீங்கள் திருப்பிக் கொடுக்க முடியும்.

மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இரண்டு இடங்களில் தவறு நடக்கும். இடையில் ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் பாமினி என்று நினைத்துக் குழப்பமான தமிழாக்கிவிடும். காற்புள்ளி இருந்த இடத்தில் ‘இ’ வந்து நிற்கும், ‘அம்மாஇ அப்பாஇ’ என்பது போல. பெயர்ப் பட்டியல்களில் இது நிறைய வரும், ஆகவே அங்கே கட்டாயம் கண்ணால் ஒருமுறை பாருங்கள். மாற்றிய பிறகும் மூலப் பைலை அழிக்க வேண்டாம்.

மாற்றாத வேர்ட் பைல்களிலும் தேடலாம். விண்டோஸ் தேடலில் தமிழில் ‘திருக்கோணமலை’ என்று அடித்தால் ஒன்றும் வராது. உள்ளே இருப்பது jpUf;Nfhzkiy. புள்ளிக்குப் பாவிக்கும் ; குறியில் தேடல் சொல்லை வெட்டிவிடக்கூடும், ஆகவே Nfhzkiy என்று மட்டும் கொடுங்கள். ‘க்’ இல்லாமல் எழுதியிருந்தால் jpUNfhzkiy. பாமினி விரல்களில் பழகிய உங்களுக்கு இது கடினமாக இராது. பேஜ்மேக்கர் பைல்களுக்குள் இது தேடாது.

எல்லாம் முடிந்ததும் வெளி ஹார்ட்டிஸ்க் இரண்டில் ஒவ்வொரு பிரதி வையுங்கள். ஒன்று மகளிடம் இருக்கட்டும். பழைய டிவிடிகள் இருந்தால் அவற்றையும் இப்போதே இறக்கிவிடுங்கள். இந்த உப்புக்காற்றில் அவற்றை நம்ப முடியாது.

ஒரு வகைப் பைல்களை மட்டும் தயங்காமல் அழியுங்கள். ரைப்செற்றிங் கடையென்றால் வாடிக்கையாளர்களின் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு ஸ்கேன்கள் நிச்சயம் கிடக்கும். அவை உங்களுடையவை அல்ல. அழித்து Recycle Bin-ஐக் காலி செய்தாலும் பழைய ஹார்ட்டிஸ்க்கிலிருந்து மீட்டெடுக்க முடியும். ஆகவே லாப்டொப்பை யாருக்காவது கொடுப்பதற்கு முன், D: டிரைவை Format செய்யும்போது Quick Format என்ற சரியடையாளத்தை எடுத்துவிடுங்கள். அப்போது வட்டு முழுவதும் பூச்சியம் எழுதப்படும். பல மணி நேரம் ஆகும், இரவில் போட்டுவிட்டுப் படுங்கள். C: டிரைவுக்கு Reset this PC, Remove everything, Change settings என்று போய், அங்கே Clean data என்பதை இயக்கிக் கொடுங்கள். பிடிஎஃப்களை இரண்டு ஹார்ட்டிஸ்க்கிலும் திறந்து பார்த்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும்.