பார்க்காமல் இதயம் வரைய மூன்று தாள் போதும்

கேள்வி: பையன் பத்தாம் வகுப்பு. புத்தகத்தைப் பார்த்து இதயத்தை அழகாக வரைகிறான், மூடி வைத்துவிட்டு வரையச் சொன்னால் முழிக்கிறான். மேப்பும் அப்படித்தான். வீட்டிலேயே பயிற்சித் தாள் எப்படித் தயாரிப்பது?

மார்த்தாண்டம் பக்கம் டியூஷன் எடுக்கிறேன், இதயத்தை வைத்தே சொல்கிறேன். முதல் தாளில் படம் மங்கலாக இருக்கும், பெயர்கள் இருக்காது. புத்தகப் படத்தில் பெயர்கள் மேல் வெள்ளைத் தாளை வெட்டி ஒட்டி, ஜெராக்ஸ் கடையில் “ரொம்ப லைட்டா போடுங்க அண்ணே” என்று கேட்டு வாங்குங்கள், அதன் மேல்தான் பென்சில் ஓட்ட வேண்டும். இரண்டாம் தாளில் கோடு கிடையாது, ஒரு கட்டமும் அதற்குள் ஐந்தாறு புள்ளிகளும் மட்டும்: கீழ்முனை, இடைச்சுவரின் மேல்நுனி, பெருந்தமனி வளையும் இடம், இரண்டு பெருஞ்சிரைகள் வந்து சேரும் இடங்கள். மூன்றாவது வெறும் கட்டம். கட்டம் இல்லாவிட்டால் பிள்ளைகள் வெண்ட்ரிக்கிளைப் பெரிதாகப் போட்டுவிட்டு, பெருந்தமனிக்கு இடமில்லாமல் நசுக்கி வரைவார்கள்.

முதல் தாளை ஓரிரு தடவைக்கு மேல் கொடுக்காதீர்கள். கோட்டின் மேலேயே கை போய்ப் பழகிவிட்டால் மண்டைக்கு வேலையில்லை. இதைக் கண்டுபிடிப்பதும் எளிது: வெளிக்கோடு புத்தகத்தில் இருப்பது போலவே வரும், உள்ளே வால்வு ஒன்றுகூட இருக்காது.

எங்கே தொடங்குவது என்பதைத் தாளின் மூலையில் எழுதிவையுங்கள். நான் இடைச்சுவரிலிருந்து தொடங்கச் சொல்வேன், அது கொஞ்சம் சாய்ந்து, கீழ்முனை நாம் பார்க்கும்போது வலப்பக்கம் போக வேண்டும். அடுத்து இரண்டு வெண்ட்ரிக்கிள், மேலே இரண்டு ஆரிக்கிள், நடுவில் வால்வுகள், கடைசியாக ரத்தக் குழாய்கள். இடது வெண்ட்ரிக்கிளின் சுவரைத் தடிமனாகப் போடும்போது காரணத்தையும் கேளுங்கள்: வலது பக்கம் நுரையீரல் வரைக்கும் தள்ளினால் போதும், இடது பக்கம் உடம்பு முழுக்கத் தள்ள வேண்டும். காரணம் தெரிந்த பிள்ளை அந்தத் தடிமனை மறக்காது.

அதிகம் நடக்கும் தவறு இடவலம் மாறுவது. படத்தில் நம் இடக்கைப் பக்கம் இருப்பதுதான் வலது ஆரிக்கிள், ஆனால் பிள்ளைகள் தங்கள் இடக்கையைப் பார்த்து ‘இடது’ என்று எழுதிவிடுவார்கள். நான் சொல்வது இதுதான்: “மக்களே, தாளை நெஞ்சுல வச்சு, படம் வெளிய தெரியுற மாதிரி பிடி.” இப்போது படத்தின் வலது அவனுடைய வலதோடு பொருந்தும். அதே நேரத்தில் வால்வையும் சரிபார்க்கலாம், வலது பக்கம் மூவிதழ், இடது பக்கம் ஈரிதழ்.

பெயர் எழுதுவதில் ஒரு சூது உண்டு. எல்லாத் தாளிலும் பெயர்க்கோடுகள் ஒரே வரிசையில் இருந்தால் பிள்ளை படத்தைப் படிக்காது, மேலிருந்து கீழாகப் பெயர்ப் பட்டியலை ஒப்பிக்கும். அதனால் இரண்டாம் தாளில் வரிசையை மாற்றுங்கள், ஒரு பாகத்தைத் தாண்டிவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். கோடு ஸ்கேலால் போட்டதாக இருக்கட்டும், ஒன்றையொன்று வெட்டக் கூடாது, நுனி பாகத்தைத் தொட வேண்டும். மேற்பெருஞ்சிரைக்கான கோடு ஆரிக்கிளில் போய் நின்றால், பெயர் சரியாக இருந்தாலும் அது தப்புதான்.

வரைந்து முடித்த பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதைச் சிவப்புப் பேனாவால் அவனே வரையட்டும், நீங்கள் வரைந்து கொடுக்காதீர்கள். மறுநாள் ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை, வெறும் கட்டத்தில். அன்றைக்கே பத்துத் தடவை வரைவது வீண்.

மேப்புக்குக் கொஞ்சம் வேறு. பத்தாம் வகுப்புத் தேர்வில் வெளிக்கோட்டு மேப்பைக் கொடுத்துவிடுவார்கள், அதனால் எல்லையை நெளிவு சுளிவோடு வரையப் பழக வேண்டாம். பழவேற்காடு, கோடியக்கரை, ராமேஸ்வரம், கன்னியாகுமரி, நீலகிரி என்று ஐந்து புள்ளி வைத்த தாளில் ஆறுகளைப் போடச் சொல்லுங்கள். வடக்கிலிருந்து பாலாறு, தென்பெண்ணை, காவிரி, வைகை, தாமிரபரணி. மலைப்பக்கம் தொடங்கிக் கடலில் முடிக்கணும், கடலில் தொடங்கினால் எங்கே நிறுத்துவதென்று தெரியாமல் தடுமாறுவார்கள். நம்ம ஊர்ப் பிள்ளைகளிடம் ஒன்றை மட்டும் தனியாகக் கவனியுங்கள். குழித்துறையில் நாம் பார்க்கும் தாமிரபரணி தேங்காய்ப்பட்டணத்தில் அரபிக்கடலில் சேருகிறது. மேப்பில் கேட்பது பொதிகையிலிருந்து திருநெல்வேலி வழியாக மன்னார் வளைகுடாவுக்குப் போவது. கோடு மேற்கே இறங்கியிருந்தால் பையன் குழித்துறைப் பாலத்தை நினைத்துக்கொண்டு வரைந்திருக்கிறான் என்று அர்த்தம்.