நாற்பது நிமிடப் பிரசங்கம், ஒரு பக்கத் தியானம்

கேள்வி: எங்கள் ஆலயத்தில் ஞாயிறு பிரசங்கத்தைப் பதிவு செய்கிறோம். வர இயலாத முதியவர்களுக்காக அதை ஒரு பக்கத் தியானமாக எழுதும் பொறுப்பு எனக்கு. நான் எழுதினால் குறிப்பேடு போல உயிரில்லாமல் இருக்கிறது. போன வாரம் லூக்கா 15, கெட்ட குமாரன் உவமை. எப்படி எழுதுவது?

பதில்: பேனாவை எடுக்காமல் முதலில் ஒருமுறை முழுவதும் கேளுங்கள். முடிந்ததும் பதிவை நிறுத்திவிட்டு, ஆயர் எதைச் சொல்லத் துடித்தார் என்று ஒரே வாக்கியத்தில் எழுதிவிடுங்கள். கேட்டுக்கொண்டே குறிப்பெடுத்தால் முன்னுரை, மூன்று தலைப்புகள், முடிவுரை என எல்லாமே ஒரே எடையில் தாளுக்கு வந்துவிடும். உயிர் போவது அங்கேதான். அந்த வாக்கியம் பெரும்பாலும் அவர் இரண்டு மூன்று முறை திரும்பி வந்த இடமாக இருக்கும்.

'மகன் வேலைக்காரனாகத் திரும்பினான், தகப்பன் மகனாகவே சேர்த்துக்கொண்டார்' என்பது உங்கள் வாக்கியம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் முறை கேட்கும்போது இதைத் தாங்கும் பகுதிகளை மட்டும் நிமிடக் கணக்கோடு குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வேதத்தைத் திறந்து வையுங்கள். 19ஆம் வசனத்தில், 'கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்' என்று கேட்க இளையவன் தீர்மானிக்கிறான். 21ஆம் வசனத்தில் பேச்சைத் தொடங்குகிறான். அந்த வேண்டுகோள் மட்டும் அங்கே இல்லை. அடுத்த வசனத்திலேயே தகப்பன் வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். இதை ஆயர் சொல்லியிருந்தால் தியானத்தை இங்கேயே தொடங்குங்கள்: "வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த பேச்சின் கடைசி வரியை அவன் சொல்லவே இல்லை." படுக்கையில் இருக்கும் ஒரு பாட்டிக்கு இந்தக் காட்சி போதும். பன்றி மேய்த்தது, பஞ்சம் எல்லாம் அவருக்குத் தெரிந்த கதை; ஒரு வரியில் கடந்துவிடுங்கள். ஆயர் சொல்லாமல் உங்களுக்குத் தோன்றியதை, எவ்வளவு நன்றாக இருந்தாலும், சேர்க்காதீர்கள். வாசிப்பவர் அதையும் ஆயரின் வார்த்தையாகவே எடுத்துக்கொள்வார்.

மேடையில் நினைவிலிருந்து பேசும்போது வசனம் சற்று மாறுவதுண்டு. இளையவன் தவிடு தின்றான் என்று பலரும் சொல்லிவிடுகிறார்கள். 16ஆம் வசனத்தின்படி அவன் அதற்கு ஆசைப்பட்டான், ஒருவனும் கொடுக்கவில்லை. பேச்சில் காற்றோடு போய்விடும் பிழை, அச்சில் நின்றுவிடும். சத்தமில்லாமல் திருத்திவிடுங்கள்.

சபையாரில் ஒருவரின் குடும்பத்தைப் பற்றி ஆயர் பேசியிருந்தால் அதை விட்டுவிடுங்கள். பெயரை நீக்கிவிட்டாலும் ஊருக்குள் ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஆலயத்துக்குள் ஆறுதலாகச் சொன்னது, தாளில் வீடு வீடாகப் போகும்போது அந்தக் குடும்பத்தைக் காயப்படுத்தும்.

முடிக்கத்தான் நீங்கள் அதிகம் தடுமாறுவீர்கள் என்று நினைக்கிறேன். இந்த உவமையில் மூத்தவன் வீட்டுக்குள் போனானா என்று லூக்கா சொல்லவில்லை. ஆயரும் அதை அப்படியே விட்டிருந்தால் நீங்களும் அவனை வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். தாளை அனுப்புமுன் ஆயரிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். "நான் இதைச் சொல்லவில்லையே" என்று அவர் தயங்கும் வரியை அங்கேயே அடித்துவிடுங்கள்.