கம்பி அதிர்வுப் படம்: எண்ண வேண்டியது எதை?

மேலூரிலிருந்து ஒரு பிளஸ் ஒன் மாணவர்: 1.2 மீட்டர் கம்பி, இரண்டு முனையும் கட்டியிருக்கிறது. படத்தில் நான்கு கண்ணிகள். அலையின் வேகம் 120 மீ/வி. அதிர்வெண் 400 ஹெர்ட்ஸ் என்று எழுதினேன், சார் அடித்துவிட்டார். எங்கே தப்பு?

சார் அடித்தது சரிதான். நீங்கள் 1.2-ஐ நான்கால் வகுத்து, வந்த 0.3 மீட்டரை அலைநீளம் என்று எடுத்திருக்கிறீர்கள். கம்பி அசையாமல் நிற்கும் இடம் கணு; இரண்டு கணுக்களுக்கு நடுவே உப்பியிருக்கும் ஒரு கண்ணி அரை அலைநீளம்தான். ஆக அலைநீளம் 0.6 மீட்டர், 120-ஐ 0.6-ஆல் வகுத்தால் 200 ஹெர்ட்ஸ்.

இந்தத் தப்புக்குக் காரணம் படம்தான். ஒரு முழுக்கோடும் ஒரு புள்ளிக்கோடும் சேர்ந்து ஒவ்வொரு கண்ணியையும் மூடிய வடிவமாகக் காட்டுவதால், ஒரு கண்ணியே முழு அலை என்று கண் ஏமாறுகிறது. இரண்டு கோடும் ஒரே கம்பிதான், வெவ்வேறு நேரத்தில். 200 ஹெர்ட்ஸில் ஓர் அதிர்வுக்கு 5 மில்லிவினாடி. முழுக்கோட்டு நிலையில் இருந்த கம்பி 2.5 மில்லிவினாடி கழித்துப் புள்ளிக்கோட்டு நிலைக்கு வருகிறது. நடுவில் ஒரு கணம் முழுக் கம்பியும் நேராக இருக்கும். புள்ளிக்கோட்டை விரலால் மறைத்துவிட்டு முழுக்கோட்டை மட்டும் பாருங்கள்: ஒரு கண்ணி மேலே, அடுத்தது கீழே. மேடும் பள்ளமும் சேர்ந்தால்தானே ஒரு அலை?

விடையைச் சரிபார்க்க இன்னொரு வழி உண்டு. இதே கம்பி ஒரே கண்ணியாக அதிர்ந்தால் அலைநீளம் 2.4 மீட்டர், அதாவது கம்பியைப் போல இரு மடங்கு. அப்போது அடிப்படை அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். நான்கு கண்ணி என்றால் அதன் நான்கு மடங்கு, 200. கணுக்களை எண்ணிவிடாதீர்கள்; முனைகளையும் சேர்த்து அவை ஐந்து இருக்கும், 250 என்று விடை வரும். அப்புறம், இது நான்காம் சீரிசை, ஆனால் மூன்றாம் மேற்சுரம். அடிப்படையை மேற்சுரக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதால் ஒன்று குறைகிறது.

உசிலம்பட்டி ஆசிரியர் ஒருவர்: சுரமானியில் ஏசி அதிர்வெண் சோதனை. 40 செ.மீ.யில் கம்பி ஒரே கண்ணியாக நன்றாக அதிர்ந்தது. கத்திமுனைகளை 80 செ.மீ.க்கு விலக்கினேன், இரண்டு கண்ணி வரும் என்று பார்த்தால் கம்பி அசையவே இல்லை.

காந்தத்தை நடுவிலேயே விட்டிருப்பீர்கள். இரண்டு கண்ணிப் படத்தில் கம்பியின் நடு ஒரு கணு. அங்கே நின்று உந்தினால் கம்பி எப்படி அசையும்? ஊஞ்சலைக் கொக்கியில் பிடித்துத் தள்ளுவது போலத்தான். காந்தத்தை ஒரு கத்திமுனையிலிருந்து 20 செ.மீ. தூரத்துக்கு, அதாவது எதிர்க்கணுவுக்கு நகர்த்துங்கள். காகிதத் துண்டுகளை மடித்து மறுபாதிக் கம்பியில் மாட்டினால் படம் கண்ணுக்கே தெரியும்: 40 செ.மீ.யில் இருப்பது சும்மா உட்கார்ந்திருக்கும், 60 செ.மீ.யில் இருப்பது துள்ளி விழும்.

இது காந்தத்தின் நடுவே கம்பியிலேயே ஏசி ஓடும் அமைப்புக்கு. இரும்புக் கம்பியை ஏசி மின்காந்தத்தால் இழுப்பதாக இருந்தால், மின்னோட்டம் எந்தத் திசையில் போனாலும் அது இழுக்கும். 50 ஹெர்ட்ஸ் ஏசியில் வினாடிக்கு 100 இழுப்பு, கம்பியும் 100 ஹெர்ட்ஸில் அதிரும். அதைப் பாதியாக்க மறந்து மின்வாரியத்தைச் சந்தேகித்த பசங்களை நான் பார்த்திருக்கிறேன்.

திருமங்கலத்திலிருந்து: அதே அதிர்வி, அதே நூல், அதே நீளம். தட்டில் 400 கிராம் இருந்தபோது இரண்டு கண்ணி. 100 கிராம் ஆக்கினால் கண்ணி குறையுமா?

கூடும், நான்காகும். (தட்டின் எடையும் இதில் சேர்ந்திருப்பதாக எடுத்துக்கொள்கிறேன்.) இழுவிசை கால்பங்கானால் வேகம் பாதியாகும். அதிர்வெண்ணை அதிர்வி பிடித்து வைத்திருப்பதால் சுருங்க வேண்டியது அலைநீளம்தான். கண்ணிகள் கூடியதைப் பார்த்து அதிர்வெண் கூடிவிட்டது என்று எழுதாதீர்கள். வேகம் தெரியாமல் படத்திலிருந்து அதிர்வெண்ணைச் சொல்ல முடியாது.

மதுரை வாசகி ஒருவர்: மீனாட்சி அம்மன் கோயில் இசைத்தூண்களும் மேலும் கீழும் பிடிக்கப்பட்டவைதானே? இதே படம் பொருந்துமா?

கணுக்கள் இருக்கும், கணக்கு பொருந்தாது. கம்பியை நேராக்குவது இழுவிசை, கல்லை நேராக்குவது அதன் சொந்த விறைப்பு. சீரான ஒரு தண்டை இரு முனையிலும் இறுகப் பிடித்தால் அதன் அதிர்வெண்கள் 1 : 2 : 3 என்று வராமல், ஏறக்குறைய 1 : 2.76 : 5.40 என்று வரும். முனைகளில் வளைவு கம்பியைப் போலச் சாய்வாகக் கிளம்பாது. முதலில் தட்டையாக ஒட்டி, பிறகுதான் எழும். படத்தில் முனையைப் பார்த்தாலே கம்பியா தண்டா என்று சொல்லிவிடலாம்.