ஐவிஎஃப் சிகிச்சையும் அலுவலக லீவும்

அன்புள்ள அக்கா,

சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கல்யாணமாகி ஏழு வருடம். ஒரு ஐவிஎஃப் செய்து பலிக்கவில்லை. இன்னும் இரண்டு மூன்று தடவை ஆகலாம் என்கிறார் டாக்டர். போன தடவை அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி இரண்டு வாரத்துக்கு மேல் லீவு போட்டேன். திரும்பவும் அதையே சொல்ல முடியாது. மேனேஜர் நல்ல மனிதர்தான், ஆனால் அவர் காதில் விழுந்தால் ஃப்ளோர் முழுக்கப் பரவிவிடும். என்ன சொல்லி லீவு கேட்பது? எவ்வளவு சொன்னால் போதும்? பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தங்கைக்கு,

மனிதவளப் பிரிவில் நெடுநாள் வேலை பார்த்தவள் என்பதால், லீவு கேட்கிறவர்களின் பக்கத்தையும் அதைப் படிக்கிறவர்களின் பக்கத்தையும் எனக்குத் தெரியும். எவ்வளவு சொல்வது என்பதற்கு முன்னால், எவ்வளவு லீவு தேவை என்று பார்த்துவிடுவோம். லீவு குறைந்தால் கேள்வியும் குறையும்.

அந்த இரண்டு வாரத்தில் பெரும்பகுதி, கருவைக் கருப்பையில் வைக்கும் டிரான்ஸ்ஃபருக்குப் பிறகு படுத்தே இருந்ததில் போயிருக்கும் என்று நினைக்கிறேன். நம் வீடுகளில் மாடிப்படி ஏறாதே, குனியாதே, பாத்ரூமுக்குக்கூட மெதுவாகப் போ என்பார்கள். ஆனால் கருவை வைத்த பிறகு படுக்கையில் கிடப்பதால் வெற்றி வாய்ப்பு கூடுவதில்லை. அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டி, படுக்கை ஓய்வு வேண்டாம் என்றே சொல்கிறது. எழுந்து நடந்தால் கரு கீழே விழுந்துவிடாது. உங்களுக்கென்று தனிக் காரணம் ஏதும் இருந்தால் டாக்டர் சொல்வார். இல்லையென்றால் டிரான்ஸ்ஃபர் அன்று லீவு, வேண்டுமானால் மறுநாளும், பிறகு வழக்கம்போல வேலை. உட்கார்ந்து பார்க்கும் கணக்கு வேலைக்கு இது தாராளம். மாமியாரிடம் இதை டாக்டர் வாயாலேயே சொல்ல வைப்பது நல்லது.

இப்போது ஒரு சுற்றை அலுவலக நாட்காட்டியில் வைத்துப் பார்ப்போம். பீரியட்ஸின் இரண்டாம் நாள் ஒரு திங்கட்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, அன்றே ஊசி ஆரம்பம். சனிக்கிழமை அடுத்த ஸ்கேன், அது லீவு நாள். அதற்கடுத்த திங்கள் ஒன்று, புதன் ஒன்று. புதன் ஸ்கேனில் முட்டைகள் தயார் என்றால் அன்று இரவு 10 மணிக்கு, முட்டைகளை முதிர வைக்கும் ட்ரிகர் ஊசி. அதிலிருந்து ஏறக்குறைய 36 மணி நேரத்தில், அதாவது வெள்ளி காலை 10 மணிக்கு, மயக்க மருந்து கொடுத்து முட்டை எடுப்பார்கள். சனி, ஞாயிறு ஓய்வு. ஆக, அலுவலகத்தில் நீங்கள் இல்லாதது மூன்று காலைப் பொழுதுகளும் ஒரு முழு நாளும்தான். முட்டை எடுப்பது செவ்வாயில் விழுந்தால் இரண்டு முழு நாள் ஆகும்.

எல்லாக் கருவையும் ஃப்ரீஸ் செய்து பிறகு வைப்பதானால், அந்தச் சுற்று இன்னும் எளிது. மாத்திரை, ஒன்றிரண்டு ஸ்கேன், கருப்பை உள்படலம் போதிய தடிமனுக்கு வந்ததும் புரொஜெஸ்டிரோன் தொடங்குவார்கள். ஐந்து நாள் வளர்ந்த கருவை, புரொஜெஸ்டிரோன் தொடங்கிய ஆறாம் நாளில் வைப்பார்கள். ஆகவே ஐந்து நாளுக்கு முன்பே தேதி தெரிந்துவிடும். முட்டை எடுப்பதற்கோ இந்த வசதி கிடையாது, ஒன்றரை நாள் முன்னால்தான் உங்களுக்கே தெரியும். லீவு கேட்பதில் கஷ்டமான இடம் இது ஒன்றுதான். ஃப்ரீஸரில் கரு மீதமிருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். இருந்தால் அடுத்த தடவை முட்டை எடுக்கும் பகுதியே கிடையாது.

ஒரு சுற்றுக்கு மூன்று நாள் லீவு, ஐந்தாறு பர்மிஷன் என்று வைத்தாலும் மூன்று சுற்றுக்கு ஒன்பது நாள். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி வருடத்துக்கு 12 நாள் நோய் விடுப்பும் 12 நாள் தற்செயல் விடுப்பும் உங்களுக்கு உண்டு. ஒரு வருடம் வேலை பார்த்திருந்தால் அதற்கு மேல் சம்பளத்தோடு இன்னொரு 12 நாள். ஐவிஎஃப்புக்கென்று தனி விடுப்பு தனியார் ஊழியர்களுக்குச் சட்டத்தில் இல்லை. ஆனால் இந்தக் கணக்கில் தனி விடுப்பு தேவையும் இல்லை. முட்டை எடுக்கும் நாளுக்கு எஸ்எல், ஸ்கேனுக்குப் பர்மிஷன், டிரான்ஸ்ஃபருக்கு சிஎல் என்று பிரித்துக்கொள்ளுங்கள். எஸ்எல் முழுவதையும் முதல் சுற்றிலேயே கரைத்துவிடாதீர்கள். முட்டை எடுத்த பிறகு வயிறு உப்பி, எடை மளமளவென்று ஏறி, சிறுநீர் குறைந்து, மூச்சு வாங்கினால் அது சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டதன் அறிகுறி. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், நான்கைந்து நாள் லீவும் பிடிக்கும். அதற்குக் கையிருப்பு வேண்டும்.

அடுத்து, மேனேஜருக்கு என்ன எழுதுவது. சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே, எல்லாச் சுற்றுக்கும் சேர்த்து, ஒரே ஒரு மெயில். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்டால் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் காரணம் சொல்ல வேண்டிவரும். ஆங்கிலத்தில் எழுதினாலும் இவ்வளவு போதும்:

“எனக்கு ஒரு மருத்துவ சிகிச்சை தொடங்கவிருக்கிறது. அடுத்த ஆறேழு மாதங்களில் இடைவெளி விட்டு நடக்கும். சில நாட்கள் காலை 11 மணிக்கு வர பர்மிஷன் தேவைப்படும். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் சிறு சிகிச்சைக்காக அவ்வப்போது ஓரிரு நாள் லீவு தேவைப்படும். அந்தத் தேதி ஒன்றரை நாள் முன்னால்தான் எனக்கே தெரியும், மாறவும் கூடும். பயப்படும்படியான நோய் எதுவும் இல்லை. நான் இல்லாத நாளில் என் வேலையை யார் பார்ப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துவிடுகிறேன். சான்றிதழை எச்ஆரிடம் நேரடியாகக் கொடுக்கிறேன். மற்ற விவரங்களை எனக்குள் வைத்துக்கொள்ள விரும்புகிறேன்.”

பயப்படும்படியான நோய் இல்லை என்ற வரியை விட்டுவிடாதீர்கள். பல மாதம், மயக்க மருந்து என்றதும் நல்ல மனிதர் கேன்சரோ என்று பதறுவார். பதறினால் விசாரிப்பார், விசாரித்தால் நான்கு பேரிடம் பேசுவார். சுற்று, சைக்கிள், ஸ்கேன், ஊசி என்ற சொற்கள் மெயிலில் வேண்டாம். கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆன பெண் என்று தெரிந்தவர் அதிலிருந்தே கூட்டிக் கழித்துவிடுவார். நேரில் கேட்டால், “டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார் சார், பயமில்லை. வேலையில் எங்கேயாவது இடித்தால் சொல்லுங்கள்” என்று பேச்சை வேலைக்குத் திருப்புங்கள். இரண்டாம் முறை கேட்டாலும் இதே வாக்கியத்தைச் சொல்லுங்கள். பதில் மாறினால்தான் கேள்வி வளரும்.

உங்கள் வேலைக்கு மார்ச் கடைசியும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் நாட்களும்தான் நெருக்கடி. உறைந்த கருவை வைக்கும் சுற்று என்றால் பெரும்பாலும் ஒரு மாதம் தள்ளிப்போடலாம். முட்டை எடுக்கும் சுற்றையும் தள்ளலாமா என்பது உங்கள் வயதையும், முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் அளவையும் பொறுத்தது. டாக்டரிடம் கேட்டு, முடிந்தால் மார்ச்சைத் தவிருங்கள். “மார்ச்சில் தொந்தரவு இருக்காது” என்று சொல்ல முடிந்தால் மேனேஜர் வேறு எதையும் கேட்கமாட்டார்.

அம்மாவைப் பற்றிச் சொன்னதைத் திருத்தப் போகாதீர்கள், மேலும் வளர்க்கவும் வேண்டாம். இனி சொல்வது குறைவாக இருக்கட்டும், ஆனால் உண்மையாக இருக்கட்டும். பொய்க் காரணம் சொல்லி எடுத்த லீவு, நாளைக்கு யாராவது மடக்க நினைத்தால் ஒழுங்கு நடவடிக்கைக்கு வழி கொடுக்கும். விவரம் சொல்லாமல் எடுத்த லீவில் அந்த ஆபத்து இல்லை.

என் அனுபவத்தில் ரகசியம் மேனேஜரிடமிருந்து வெளியே போனதைவிட காகிதத்திலிருந்து போனதுதான் அதிகம். சான்றிதழில் டாக்டர் எவ்வளவு கவனமாக எழுதினாலும், லெட்டர்ஹெட்டின் மேலே ‘கருத்தரிப்பு மையம்’ என்று பெரிய எழுத்தில் இருந்தால் எல்லாம் வீண். உங்கள் டாக்டர் பதிவு பெற்ற மகப்பேறு மருத்துவர். தன் பெயரில் உள்ள லெட்டர்ஹெட்டில், பதிவு எண்ணோடு தரச் சொல்லிக் கேளுங்கள். “என் சிகிச்சையில் இருக்கிறார், இந்தத் தேதியில் மயக்க மருந்து கொடுத்து ஒரு சிறு சிகிச்சை செய்யப்பட்டது, இத்தனை நாள் ஓய்வு தேவை” என்பது போதும். நோயாளியின் விவரத்தைக் காப்பது டாக்டரின் கடமையும்கூட. அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள். மயக்கம் தெளிந்து கிளம்பும் அவசரத்தில் கேட்டால் ரிசப்ஷனில் அச்சடித்த படிவத்தை நீட்டிவிடுவார்கள், முதல் ஸ்கேன் அன்றே சொல்லி வையுங்கள். வேறு டாக்டரிடம் காய்ச்சல் என்று சான்றிதழ் வாங்காதீர்கள், அது இருவருக்கும் சிக்கல். டிஸ்சார்ஜ் சம்மரியை எக்காரணம் கொண்டும் இணைக்காதீர்கள், அதில் என்ன செய்தார்கள் என்பது வரிவரியாக இருக்கும்.

லீவு போர்ட்டலில் காரணம் எழுதும் கட்டத்தை யார் யார் பார்க்கிறார்கள் என்று எச்ஆரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் அது அப்படியே டீம் லீடுக்கும் மெயிலில் போகும். அங்கே ‘பர்சனல்’ அல்லது ‘மெடிக்கல்’ மட்டும் போடுங்கள். குரூப் இன்ஷூரன்ஸும் அப்படித்தான். பெரும்பாலான பாலிசிகளில் குழந்தையின்மை சிகிச்சைக்குப் பணம் வராது. உங்களுடையதில் வருமானால், பில்களை அலுவலகத்தில் கொடுக்காமல் காப்பீட்டு நிறுவனத்தின் தளத்தில் நேரடியாகப் பதிவேற்ற முடியுமா என்று விசாரியுங்கள்.

ரிசல்ட் நாள் முன்பே தெரிந்ததுதான். டிரான்ஸ்ஃபர் ஆகி ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பீட்டா எச்சிஜி ரத்தப் பரிசோதனை. காலையில் ரத்தம் கொடுத்தால் மதியம் போனில் ரிப்போர்ட் வந்துவிடும். அதைக் கணக்குப் பிரிவின் மேஜையில் உட்கார்ந்து, பக்கத்தில் ஆள் இருக்கத் திறந்து பார்க்க வேண்டாம். ஒரு நாள் முன்பின் ஆனால் பரவாயில்லையா என்று டாக்டரிடம் கேட்டு சனிக்கிழமைக்கு வையுங்கள், முடியாவிட்டால் அன்று ஒரு சிஎல்.

கரு தங்கி, பிறகு கலைந்தால் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, 1961-இன் மகப்பேறு நலச் சட்டம் கொண்டுவந்த உரிமை அது. அதற்குச் சான்று கேட்பார்கள், காரணமும் அதில் இருக்கும். ஆனால் அந்தக் காகிதம் எச்ஆரில் ஒருவரோடு நிற்கட்டும், மேனேஜருக்கு ‘மெடிக்கல் லீவு, இந்தத் தேதி வரை’ என்று மட்டும் போகட்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அது ஐவிஎஃப்பில் வந்த கர்ப்பம் என்று அங்கேயும் சொல்ல வேண்டியதில்லை.

மெயிலை அடுத்த பீரியட்ஸ் வருவதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள். ஊசி ஆரம்பித்த பிறகு அதை உட்கார்ந்து எழுதப் பொறுமை இருக்காது.

அன்புடன்,
அக்கா